ஆறு மாதக் குழந்தை இரவில் எத்தனை முறை எழலாம்?

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். என் மகனுக்கு ஆறு மாதம் முடிந்து பத்து நாள் ஆகிறது. தாய்ப்பால்தான் கொடுக்கிறேன். போன வாரம் ராகிக் கூழ் தொடங்கினோம். இரவு 7.30-க்குத் தூங்கினால் 12 மணி, 2.30, 4.45 என்று மூன்று முறை எழுந்து பால் குடிக்கிறான். காலை 6.30-க்கு விழித்துவிடுகிறான். "ஆறு மாதம் ஆன பிள்ளை விடிய விடியத் தூங்க வேண்டாமா? உனக்குப் பால் போதவில்லை, இரவில் புட்டிப்பால் கொடு" என்கிறார் மாமியார். பெங்களூரில் இருக்கும் நாத்தனாரின் மகள் இரவில் எழுவதே இல்லையாம். பக்கத்து வீட்டில் கசகசா அரைத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். கணவருக்கு ஓசூரில் இரண்டாவது ஷிப்ட். வீடு வந்து சேர நள்ளிரவாகிவிடும். எனக்குப் பகலெல்லாம் தலை சுற்றுகிறது. போன வாரம் குழந்தையின் எடை 7.4 கிலோ. அவனுக்கு ஏதாவது குறை இருக்கிறதா?
– ஒரு தாய், காவேரிப்பட்டணம்

உங்கள் மகனிடம் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை, அம்மா. நேரத்தைக் குறித்து எழுதியிருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. என்னிடம் வரும் பெரும்பாலான தாய்மார்கள் "ராத்திரி முழுக்கத் தூங்கவே இல்லை" என்றுதான் தொடங்குவார்கள். அது அவர்கள் பட்ட பாட்டைச் சொல்லும். குழந்தை எவ்வளவு தூங்கியது என்பதைச் சொல்லாது. நீங்கள் சொன்ன நேரங்களை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாலை 7.30 முதல் காலை 6.30 வரை பதினொரு மணி நேரம். பால் குடித்து மறுபடி கண் அசர ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் என்று வைத்தால், மூன்று முறைக்கு ஒரு மணி நேரம் போகிறது. மீதி பத்து மணி நேரம் அவன் தூங்குகிறான். பகலில் இரண்டு மூன்று முறையாக மூன்று மணி நேரம் தூங்குகிறான் என்றால் மொத்தம் பதின்மூன்று. நான்கு மாதம் முதல் ஒரு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் வேண்டும். அவனுக்குத் தேவையான தூக்கம் அவனுக்குக் கிடைக்கிறது. தூக்கம் போதாமல் இருப்பது உங்களுக்குத்தான். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் குழந்தைக்கு வைத்தியம் தேடத் தொடங்குகிறோம்.

"விடிய விடியத் தூங்குவது" என்று எல்லாரும் சொல்கிறோமே, அதற்கு அளவு என்ன? லண்டன் குழந்தைகளைக் கவனித்து 1957-ல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஓர் அளவு வைத்தது. நள்ளிரவு 12 மணியிலிருந்து காலை 5 மணி வரை பெற்றோரை எழுப்பாமல் இருந்தால், அந்தக் குழந்தை இரவு முழுதும் தூங்குகிறது என்று கணக்கு. வெறும் ஐந்து மணி நேரம்! பின்னால் வந்த பல ஆய்வுகளும் இந்த அளவையே எடுத்துக்கொண்டன. ஏழு மணிக்குப் படுத்து ஏழு மணிக்கு எழும் பன்னிரண்டு மணி நேரத்தை யாரும் அளவாக வைக்கவில்லை.

இப்போது உங்கள் மகனைப் பாருங்கள். 7.30-லிருந்து 12 வரை நாலரை மணி நேரம் ஒரே மூச்சில் தூங்குகிறான். அந்த ஐந்து மணி நேரத்துக்கு அரை மணிதான் குறைவு. ஆனால் அவன் தூங்கும் அந்த நாலரை மணி நேரத்தில் வீடே விழித்திருக்கிறது. வீடு படுக்கும் நேரத்தில் அவனுடைய நீண்ட தூக்கம் முடிந்துவிடுகிறது. அதே நாலரை மணி நேரத்தை அவன் பதினொன்றுக்குத் தொடங்கியிருந்தால், "நல்லாத் தூங்குகிற பிள்ளை" என்று உங்கள் தெருவே சொல்லியிருக்கும்.

கனடாவில் 388 குழந்தைகளின் தாய்மார்களிடம் கேட்டு 2018-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. ஆறு மாதத்தில் 100 குழந்தைகளில் 38 பேர் தொடர்ச்சியாக ஆறு மணி நேரம் தூங்கவில்லை. எட்டு மணி நேரம் என்று அளவை உயர்த்தினால் 57 பேர் தூங்கவில்லை. ஒரு வயதில்கூட 100-க்கு 28 பேர் ஆறு மணி நேரத்தை எட்டவில்லை. இரவில் எழுந்த குழந்தைகளுக்கும் எழாத குழந்தைகளுக்கும் அறிவு வளர்ச்சியிலோ உடல் இயக்க வளர்ச்சியிலோ வேறுபாடு தென்படவில்லை. எழுந்த குழந்தைகளிடையே தாய்ப்பால் குடிப்பவர்கள் அதிகமாக இருந்தார்கள். உங்கள் மாமியாரிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள். பேரனைப் போல எத்தனையோ பிள்ளைகள் உண்டு என்று தெரிந்தால் அவருக்கும் மனம் ஆறும்.

சரி, நாத்தனாரின் மகள் எப்படி எழாமல் இருக்கிறாள்? அவளும் எழுகிறாள் என்பதுதான் உண்மை. பெரியவர்களின் தூக்கம் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகளாக ஓடுகிறது. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு சுற்று ஏறத்தாழ 50 முதல் 60 நிமிடம்தான். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தூக்கம் மேலோட்டமாகி, பல முறை குழந்தை ஓரிரு நிமிடம் விழித்தும் பார்க்கும். இரவெல்லாம் கேமரா வைத்துப் பதிவு செய்து பார்த்த ஆய்வாளர்கள், "எங்கள் குழந்தை எழுவதே இல்லை" என்று பெற்றோர் சொன்ன குழந்தைகளும் விழிப்பதைக் கண்டார்கள். சில குழந்தைகள் கையைச் சப்பிக்கொண்டு, ஒருக்களித்துத் திரும்பி, தாமாகவே மறுபடி தூங்கிவிடுகிறார்கள். சில குழந்தைகள் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். விழிப்பு எல்லாக் குழந்தைக்கும் உண்டு, கூப்பிடுவதில்தான் வேறுபாடு. அவள் தனி அறையில் படுத்திருந்தால், சின்ன முனகல் யார் காதிலும் விழுந்திருக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இதில் நீங்கள் இன்றிரவே கவனித்துப் பார்க்கக்கூடிய ஒன்று உண்டு. சுற்று முடியும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பாருங்கள். இமைக்குள் கண் உருளும். உதடு பால் குடிப்பதுபோல அசையும். காலை இரண்டு முறை உதைப்பான். "ம்... ம்" என்று முனகுவான், சில நேரம் பாதிக் கண் திறந்தும் இருக்கும். முகம் சுருங்கி, அழப்போவதுபோலத் தோன்றும். இது இன்னும் விழிப்பு ஆகவில்லை. இந்த நேரத்தில் தூக்கிவிட்டால் நாமே எழுப்பிவிட்டதாக ஆகும். மனத்துக்குள் அறுபது வரை எண்ணுங்கள். கையைக் கட்டிக்கொண்டு ஒரு நிமிடம் இருப்பது ஒரு தாய்க்கு எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். முனகல் அழுகையாக ஏறினால் உடனே எடுங்கள். இறங்கிப் போனால் அடுத்த சுற்றுக்குள் அவன் போய்விட்டான் என்று அர்த்தம்.

இனி பால் விஷயம். பசித்த பிள்ளை தூங்காது என்பது உங்கள் மாமியார் பல பிள்ளைகளைப் பார்த்துக் கற்றது. அது பொய்யல்ல. ஆனால் பால் போதவில்லை என்பதற்கு அடையாளம் இரவில் எழுவது அல்ல. எடை சொல்லும், சிறுநீர் சொல்லும். ஆறு மாத ஆண் குழந்தையின் நடுத்தர எடை 7.9 கிலோ, 6.4 கிலோவுக்குக் கீழே போனால்தான் எடைக்குறைவு என்போம். 7.4 என்பது நல்ல எடை. ஆனால் ஒரு நாள் எடையைவிட, எடை ஏறும் வரிசை முக்கியம். தாய் சேய் நல அட்டையில் அங்கன்வாடியில் மாதந்தோறும் குறித்த எடையை எடுத்துப் பாருங்கள். கடந்த இரண்டு மாதத்தில் மாதத்துக்கு 300, 400 கிராம் அளவில் ஏறியிருந்தால், ஒரு நாளைக்கு ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போனால், உங்கள் பாலுக்கு நான் சான்று தருகிறேன்.

இரவில் புட்டிப்பால் தொடங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். பால் சுரக்கச் செய்யும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரவில் குழந்தை குடிக்காவிட்டால், இன்னும் பால் வேண்டும் என்ற செய்தி உடம்புக்குப் போகாது. சில வாரங்களில் பால் உண்மையிலேயே குறையும். அப்போது "நான்தான் சொன்னேனே" என்று வீட்டில் சொல்வார்கள். தொடக்கத்தில் இல்லாத குறையை நாமே கொண்டுவந்திருப்போம்.

ராகிக் கூழைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் மாவட்டங்களில் பிள்ளைக்கு முதல் சோறு ராகிதான், நல்ல தேர்வும்கூட. ஆனால் படுக்கும் முன்பு வயிறு முட்ட ராகி கொடுத்தால் விடியும் வரை தாங்கும் என்ற நம்பிக்கை பலிப்பதில்லை. இங்கிலாந்தில் திட உணவை முன்கூட்டியே தொடங்கிய குழந்தைகளைத் தனியாகப் பார்த்த ஓர் ஆய்வில், ஆறு மாதத்தில் அவர்கள் ஓர் இரவுக்குச் சுமார் 17 நிமிடம்தான் கூடுதலாகத் தூங்கினார்கள். எழும் எண்ணிக்கையும் இரண்டு என்பதிலிருந்து ஒன்றே முக்கால் ஆனது, அவ்வளவுதான். தூக்கத்துக்காக ராகியைக் கெட்டியாக்கித் திணிக்க வேண்டாம். பகலில் இரண்டு முறை, இரண்டு மூன்று தேக்கரண்டியில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதம் போதும்.

இந்த வயதில் இரவில் பால் தேடுவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. ஆறு மாதத்தில் பிள்ளைக்கு உலகம் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிவிடுகிறது. பால் குடிக்கும்போது தெருவில் ஆட்டோ சத்தம் கேட்டால் வாயை எடுத்துத் திரும்பிப் பார்ப்பான். தாத்தா இருமினால் பார்ப்பான். கூட்டுக் குடும்பத்தில் பகல் முழுக்க வேடிக்கைதான். மூன்று நிமிடம் குடித்துவிட்டு விட்டுவிடுவான். அந்தக் குறையை இரவில், இருட்டில், உங்கள் பக்கத்தில் கிடந்து ஈடுகட்டிக்கொள்வான். பகலில் இரண்டு வேளைப் பாலையாவது, காலை பத்து மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் என்று வையுங்கள், கதவைச் சாத்திய அரை இருட்டு அறையில் கொடுத்துப் பாருங்கள். பேச்சு வேண்டாம், போன் வேண்டாம். ஒரு வாரத்தில் இரவுப் பால் ஒன்று தானாகக் குறைந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். குறையாத குழந்தைகளும் உண்டு. குறையாவிட்டாலும் பகலில் நன்றாகக் குடித்தது நல்லதுதான்.

இப்போது உங்களுக்கு வருகிறேன்.

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு தாய் வந்தார். பெண் குழந்தை, ஆறரை மாதம். தக்காளித் தோட்டம் வைத்திருக்கும் குடும்பம். கணவர் விடியற்காலையில் மண்டிக்குப் போக வேண்டும். கண்ணுக்குக் கீழே கருவளையம், பேசும்போதே கண்ணீர். குழந்தையைப் பரிசோதித்தேன், எந்தக் கோளாறும் இல்லை. "வீட்டுத் தினசரி காலண்டரில் கிழிக்கிற தாளின் பின்பக்கம் எழுதுங்கள். குழந்தை படுத்த நேரம், எழுந்த நேரம். அதற்கு எதிரே நீங்கள் படுத்த நேரம், எழுந்த நேரம்" என்றேன். ஒரு வாரம் கழித்து ஏழு தாள்களைக் கொண்டுவந்தார். ராசிபலனுக்குப் பின்பக்கம் பென்சிலில், சில இடங்களில் தூக்கக் கலக்கத்தில் கோணிப்போன எழுத்தில்.

ஒரு தாள் இன்னும் என் நினைவில் இருக்கிறது. குழந்தை எட்டு மணிக்குப் படுத்தது, 12.45, 3.00, 5.15 என்று எழுந்தது. அவர் படுத்தது 11.15-க்கு. மாமனாருக்குச் சோறு போட்டு, எல்லாரும் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவி, மறுநாளுக்கு மாவு கரைத்து வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார். 12.45-க்கு முதல் எழுச்சி, 1.15-க்கு மறுபடி படுக்கை, 3 மணிக்கு மறுபடி எழுச்சி. 4.15-க்குக் கணவருக்கு டீ போட எழுந்தவர் அதன்பிறகு படுக்கவே இல்லை. குழந்தையின் நீண்ட தூக்கம் நாலே முக்கால் மணி நேரம். தாயின் நீண்ட தூக்கம் ஒன்றே முக்கால் மணி நேரம். இரண்டையும் அடிக்கோடிட்டு, உடன் வந்திருந்த கணவரிடம் நீட்டினேன். அவர் நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆழ்ந்த உறக்கம் இரவின் முதல் பகுதியில்தான் திரண்டு வருகிறது. அதனால் இந்த வயதில் பெரும்பாலான குழந்தைகளின் நீண்ட தூக்கம் படுத்தவுடன் வரும் முதல் தூக்கம்தான். விடியும் நேரத்துக்குப் போகப் போக இடைவெளி குறையும். உங்கள் மகனுடைய கணக்கும் அப்படியே: நாலரை, பிறகு இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், பிறகு இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கீழ், கடைசியில் ஒன்றரை. அவனுடைய முதல் தூக்கத்தை நீட்ட நம்மிடம் மருந்து இல்லை. ஆனால் உங்களுடைய படுக்கை நேரத்தை அதோடு ஒட்டவைக்க முடியும்.

பாலக்கோட்டுக் குடும்பம் செய்தது இது. இரவுச் சாப்பாட்டை 7.15-க்குக் கொண்டுவந்தார்கள். எட்டு மணிக்குக் குழந்தையோடு தாயும் படுத்தார். பாத்திரங்கள் தண்ணீரில் ஊறின. கணவர் சில நாள் கழுவினார், சில நாள் அவை காலை வரை கிடந்தன. விடியற்காலை டீயைக் கணவரே போட்டுக்கொண்டார். வாரத்தில் ஏழு நாளும் நடக்கவில்லை. ஐந்து நாள் நடந்தது. இரண்டு வாரம் கழித்து வந்தபோது, குழந்தை பெரும்பாலான இரவுகளில் இன்னமும் மூன்று முறைதான் எழுந்தது, ஓரிரு இரவுகளில் இரண்டு முறை. ஆனால் தாய்க்குத் தினம் நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் தூக்கம் கிடைத்திருந்தது. அன்று அவர் அழவில்லை.

உங்கள் வீட்டில் இது எப்படி நடக்கும் என்று யோசித்தேன். கணவர் வரும் நேரமும் குழந்தை எழும் நேரமும் ஒன்றாக இருக்கின்றன. இது தற்செயலாகவும் இருக்கலாம். கதவுத் தாழ்ப்பாள், டியூப் லைட், தட்டு வைக்கும் சத்தம் ஆகியவையாகவும் இருக்கலாம். அவருக்குச் சோறு போட நீங்கள் விழித்துக் காத்திருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். அந்தக் காத்திருப்பை நிறுத்துங்கள். சோறும் குழம்பும் மூடி வைத்திருந்தால் அவரே போட்டுக்கொள்வார். அவர் ஒரு நாள் முழுக்க உழைத்து வருகிறார், பிள்ளையின் முகத்தைப் பார்க்க ஆசைப்படுவார், அது நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் விளக்கைப் போட்டுத் தூக்கிக் கொஞ்சினால் அவனுக்கு அது பகலாகிவிடும். இரண்டாவது ஷிப்ட் என்றால் காலை முழுக்க அவர் வீட்டில்தானே இருப்பார்? 6.30-க்கு எழும் பிள்ளையை அவர் வாங்கிக்கொள்ளட்டும், நீங்கள் 8 மணி வரை படுங்கள். நள்ளிரவில் தூங்கப் போகிறவருக்கு இது கடினம்தான். வாரத்தில் மூன்று நாள் செய்தால்கூட உங்களுக்குப் பெரிய உதவி.

மாமியாருக்கும் ஒரு வேலை தருகிறேன். நள்ளிரவு 12 மணிப் பாலைக் கொடுத்துவிடுங்கள். நாலரை மணி நேரம் கழித்து வரும் பசி உண்மையான பசி. ஆனால் 2.30-க்கு எழும்போது அவன் குடித்து இரண்டு மணி நேரம்தான் ஆகியிருக்கும். அந்த ஒரு முறை மட்டும், உங்களுக்குப் பதில் பாட்டி போய்த் தட்டிக்கொடுத்துப் பார்க்கட்டும். உங்களிடம் பால் வாசனை வரும். பாட்டியிடம் அது இல்லை. விளக்கு வேண்டாம், தூக்க வேண்டாம். நெஞ்சில் கை வைத்து மெல்லத் தட்டினால் போதும். ஐந்து நிமிடத்தில் அடங்கினால் நல்லது. அடங்காமல் அழுதால் பால் கொடுத்துவிடுங்கள். இதில் தோல்வி என்று ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் அழவிட்டுப் பழக்குவது நம் வீடுகளில் நடக்காது, இந்த வயதில் அது தேவையும் இல்லை.

கசகசாவைப் பற்றி மிகத் தெளிவாகச் சொல்கிறேன்: கொடுக்கக் கூடாது. ஒரு சிட்டிகைகூட, ஒரு நாள்கூட. அபின் எந்தச் செடியிலிருந்து வருகிறதோ, அதே செடியின் விதைதான் கசகசா. காயின் பால் விதையின் மேல் படிந்திருக்கும். ஒரு பாக்கெட்டில் எவ்வளவு படிந்திருக்கிறது, அடுத்த பாக்கெட்டில் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது. குருமாவில் அது நமக்கு ஒன்றும் செய்யாது. ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு அரைத்துப் புகட்டினால் மூச்சின் வேகத்தையே குறைத்துவிடும். ஒரு முறை இரவில் ஏழு மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "நல்லாத் தூங்குகிறது, ஆனால் எழுப்பினால் எழவில்லை" என்றார்கள். கண்ணின் பாவை குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மூச்சு விட்டு விட்டு வந்தது. அபினின் வேலையை முறிக்கும் மருந்து கொடுத்து, இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்தோம். பிழைத்துக்கொண்டது. இந்த அடையாளங்களை எந்தக் குழந்தையிடம் பார்த்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள், என்ன கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சளி மருந்து கொடுத்தால் தூங்கும் என்று மருந்துக்கடையில் வாங்கிக் கொடுப்பதும் இதே தவறுதான். சளிக்கும் அலர்ஜிக்கும் உள்ள சில மருந்துகள் தூக்கத்தைத் தருவது அவற்றின் பக்கவிளைவு; அந்தத் தூக்கத்தில் குழந்தை மூச்சுத் திணறினால் தானாக விழித்துக்கொள்ளும் திறன் மங்கிவிடும்.

தூளியில் தூங்க வைக்கிறீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. புரளவும் எழுந்து உட்கார முயலவும் தொடங்கிவிட்ட பிள்ளைக்குத் தூளி ஆபத்து; புடவை மடிப்பில் முகம் புதைந்துவிடும், அல்லது விளிம்பைப் பிடித்து எழுந்து விழுவான். கெட்டியான, சமமான படுக்கையில், தலையணை இல்லாமல், மல்லாக்கப் படுக்க வையுங்கள். பிறகு அவனாகக் குப்புறப் புரண்டால் விட்டுவிடலாம்.

எந்த எழுச்சி சாதாரணமானது அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சளி இல்லாத நாளிலும் குறட்டை விட்டு, வாயைத் திறந்து மூச்சு விட்டு, நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுந்தால் காட்டுங்கள். நேற்று வரை நன்றாக இருந்தவன் திடீரென்று மணிக்கு ஒரு முறை கத்தி எழுந்து, படுக்க வைத்தால் அதிகமாக அழுதால், காதில் சீழ் கோத்திருக்கலாம். பல் முளைப்பதாக நினைத்து இருந்துவிட வேண்டாம். காய்ச்சல், இரண்டு மாதமாக ஏறாத எடை, உள்ளங்கையும் இமையின் உட்புறமும் வெளிறிப்போவது ஆகியவையும் அப்படியே. இரும்புச்சத்துக் குறைந்த குழந்தைகள் அமைதியில்லாமல் புரண்டுகொண்டே தூங்குவார்கள். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு வாரம் இரண்டு முறை 1 மில்லி இரும்புச்சத்து டானிக்கை அரசே தருகிறது. உங்கள் கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் கேட்டு வாங்கித் தொடங்குங்கள்.

உங்கள் தலைசுற்றலைத் தூக்கக் குறை என்று நானும் முடிவு கட்டிவிட விரும்பவில்லை. பிரசவத்துக்குப் பிறகு 180 நாள் இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டிருக்க வேண்டும். பாதியில் விட்டிருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். 12-க்குக் கீழே இருந்தால் சிகிச்சை வேண்டும். இன்னொரு கேள்வி: குழந்தை தூங்கும்போது படுத்தால் உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? வருகிறது என்றால் கவலை இல்லை. குழந்தை அசந்து தூங்கும்போதும் கண் மூடாமல், எதிலும் மனம் ஒட்டாமல், அழுகை வந்துகொண்டே இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு நல்ல சிகிச்சை உண்டு. 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை எந்நேரமும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம்.

வரும் மாதங்களில் என்ன எதிர்பார்க்கலாம்? எட்டு, ஒன்பது மாதத்தில் ஓர் இரவுக்கு ஒன்று அல்லது இரண்டு முறையாகக் குறையலாம். அதே எட்டு, ஒன்பது மாதத்தில் அம்மா கண்ணில் படாவிட்டால் பயப்படும் பருவமும் வரும். இரண்டு வாரம் நன்றாகத் தூங்கியவன் மறுபடி நான்கு முறை எழுவான். தவழத் தொடங்கும்போதும், தடுப்பூசி போட்ட இரவிலும், தாய்வீட்டுக்குப் போய்வந்த வாரத்திலும் அப்படித்தான். 1957-ல் வெளியான அந்த ஆய்வின் லண்டன் குழந்தைகளிலும், ஒழுங்காகத் தூங்கத் தொடங்கியவர்களில் பலர் ஆறு மாதத்தை ஒட்டி மறுபடி எழத் தொடங்கினார்கள். பழைய நிலைக்குப் போனதற்கு நீங்கள் செய்த தவறைத் தேட வேண்டாம்.

இந்த வாரம் காலண்டர் தாளைக் கிழித்ததும் தூக்கிப் போடாமல் வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் பிள்ளையின் நேரம், வலது பக்கம் உங்கள் நேரம். ஏழு தாள் சேர்ந்ததும் முதலில் உங்கள் கணவரிடம் காட்டுங்கள். அவருடைய வார விடுமுறைக்கு முந்தின இரவில் காட்டினால் நிதானமாகப் பார்ப்பார்.